25!-இல் திடீரென்று கூடும் இரண்டு பூஜ்ஜியங்கள்

1 முதல் 24 வரையுள்ள எல்லா எண்களையும் பெருக்கினால், அதாவது 24-இன் காரணீயப் பெருக்கமான 24!-ஐக் கண்டால், கிடைப்பது இது: 620448401733239439360000. கடைசியில் நான்கு பூஜ்ஜியங்கள். இதை 25-ஆல் பெருக்கினால் 25! வந்துவிடும்: 15511210043330985984000000. இப்போது எண்ணிப் பாருங்கள், ஆறு பூஜ்ஜியங்கள். சரியாக ஐந்து பூஜ்ஜியங்களோடு முடியும் காரணீயப் பெருக்கம் என்று ஒன்று கிடையவே கிடையாது.

ஒரு எண்ணின் கடைசியில் பூஜ்ஜியம் வர அதற்குள் ஒரு 10 இருக்க வேண்டும். 10 என்பது 2 × 5. அப்படியானால் எத்தனை 2-5 ஜோடிகள் சேர்கின்றனவோ, அத்தனை பூஜ்ஜியங்கள். 24!-இல் காரணியாக 2 மட்டும் 22 முறை இருக்கிறது. 5 வருவதோ 5, 10, 15, 20 ஆகிய நான்கு எண்களிலிருந்து நான்கே முறை. ஜோடி சேராமல் 18 இரண்டுகள் மிஞ்சுகின்றன. எந்தக் காரணீயப் பெருக்கத்திலும் தட்டுப்பாடு 5-க்குத்தான். இரட்டைப்படை எண்கள் ஒன்றுவிட்டு ஒன்று வந்துகொண்டே இருப்பதால் 2-ஐ எண்ணவே வேண்டியதில்லை.

25 = 5 × 5. அது வந்து சேரும்போது ஒரே வீச்சில் இரண்டு ஐந்துகள் உள்ளே நுழைகின்றன, காத்திருந்த இரண்டுகளில் இரண்டு அவற்றோடு சேர்ந்துகொள்கின்றன. 24!-இன் பூஜ்ஜியங்களுக்கு முன்னால் நிற்கும் 36-ஐ மட்டும் எடுத்து 25-ஆல் பெருக்கினாலே இது கண்ணில் படும்: 900.

இனி 100!. அதை முழுதாக எழுதினால் 158 இலக்கங்கள். நமக்கு அது தேவையில்லை. 100-ஐ 5-ஆல் வகுத்தால் 20. அதாவது 5-இன் மடங்குகள் இருபது, ஒவ்வொன்றும் குறைந்தது ஒரு 5 தருகிறது. ஆனால் 25, 50, 75, 100 ஆகிய நான்கும் இன்னொரு 5-ஐயும் வைத்திருக்கின்றன. ஆகவே 20 + 4 = 24 பூஜ்ஜியங்கள். பலரும் 20 என்று சொல்லி நிறுத்திவிடுவது இந்த இடத்தில்தான். 25-இன் மடங்குக்கு இரண்டு ஐந்துகள் இருக்க, ஏன் இரண்டிரண்டாகக் கூட்டவில்லை என்றும் சிலருக்குத் தோன்றும். முதல் ஐந்தை அந்த இருபதிலேயே எண்ணிவிட்டோம், விடுபட்டது இரண்டாவது மட்டும்.

பெரிய எண்ணுக்கு, கிடைத்த ஈவையே மறுபடி 5-ஆல் வகுத்துக்கொண்டு போகலாம். மீதியை விட்டுவிட வேண்டும். 1000-க்கு 200, 40, 8, 1 என்று வரும். கூட்டினால் 249.

இந்த எண்ணிக்கை கடைசிப் பூஜ்ஜியங்களுக்கு மட்டுமே பொருந்தும். 7! = 5040; இதில் பூஜ்ஜியங்கள் இரண்டு இருந்தாலும் நம் கணக்கு ஒன்று என்றுதான் சொல்லும். நடுவில் இருப்பது 2, 5 ஜோடியால் வந்ததல்ல.

125 வரும்போது தாவல் இன்னும் பெரிது. 124!-க்கு 24 + 4 = 28 பூஜ்ஜியங்கள். 125!-க்கு 25 + 5 + 1 = 31. இடையில் இருக்கும் 29-உம் 30-உம் எந்தக் காரணீயப் பெருக்கத்துக்கும் வாய்ப்பதில்லை.