கழற்றிய மோதிரத்தை எங்கே வைப்பது?

முகூர்த்த நாள், காலை ஆறரை மணி இருக்கும். அப்போது நான் கல்யாண மண்டபத்தோடு சேர்ந்த ஒரு ஹோட்டலில் சமையலறைப் பொறுப்பில் இருந்தேன். ஆறு கிலோ உளுந்து வடைக்கு ஆட்டி எடுத்து வைத்திருந்தது. மிளகும் இஞ்சியும் உப்பும் போட்டுக் கையாலேயே கலக்கிக்கொண்டிருந்த டிபன் மாஸ்டர், கையை வழித்து வெளியே எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். மோதிரம் விரலில் இருந்தது, அதில் பதித்திருந்த முத்து இல்லை. வெள்ளை மாவில் வெள்ளை முத்து. முதல் ஈடு வடை அதற்குள் எண்ணெயில் வெந்துகொண்டிருந்தது. பத்து நிமிடம் மாவைத் தட்டு தட்டாகப் பரப்பித் தேடினோம், கிடைக்கவில்லை. மாவையும் எண்ணெயில் இருந்த வடையையும் கொட்டச் சொல்லிவிட்டேன். அன்றைக்குப் பந்தியில் வடைக்குப் பதில் போண்டா போனது.

அவருக்கு மோதிரம் போடக் கூடாது என்று தெரியாதா என்றால், தெரியும். நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். மதியம் தனியாக உட்கார வைத்துக் கேட்டேன், "ஏண்ணே, கழட்டி வைக்கச் சொன்னேனே?" அவர் சொன்ன பதில் இது: "கழட்டி எங்க தம்பி வைக்கிறது? போன மாசம் ஆணியில மாட்டுன சட்டையில இருந்து வாட்ச் போயிருச்சு."

அதற்குப் பிறகுதான் ஆள் சுத்தம் பற்றி நான் பேசும் விதமே மாறியது. இப்போது எந்த ஹோட்டலுக்குப் பயிற்சி கொடுக்கப் போனாலும் முதலில் பூட்டுப் போட்ட பெட்டி ஒவ்வொருவருக்கும் இருக்கிறதா என்று கேட்பேன். பெரிதாக வேண்டாம், டிபன் பாக்ஸ் நுழையும் அளவு போதும், ஆனால் சாவி அவரவர் கையில் இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் 'நகை அணியக் கூடாது' என்று எத்தனை பலகை எழுதி மாட்டினாலும் மோதிரம் விரலில்தான் இருக்கும்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கான 2011ஆம் ஆண்டு விதிமுறைகளின் 4ஆம் அட்டவணையைப் படித்தால் மோதிரம், வளையல், வாட்ச், ஊசி எல்லாம் அதில் வரும். நகம் வெட்டியிருக்க வேண்டும், தலை மூடியிருக்க வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்திருக்க வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது. கல் விழுவது கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து. தெரியாத ஆபத்து மோதிரத்துக்கு அடியில் இருக்கிறது. சோப்புப் போட்டுக் கை கழுவும்போது அந்த வளையத்துக்குக் கீழே நுரை சரியாகப் போகாது, ஈரம் மட்டும் போய்த் தங்கிவிடும். நம் தோலிலும் மூக்கிலும் சாதாரணமாகவே வாழும் ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற கிருமிக்கு அது நல்ல இடம். இந்தக் கிருமி உணவில் இறங்கிச் சில மணி நேரம் வெதுவெதுப்பில் இருந்தால் ஒரு நஞ்சை உண்டாக்கும். அப்புறம் கொதிக்க வைத்தால் கிருமி செத்துவிடும், நஞ்சு போகாது. 'சுட வைத்துக் கொடுத்தோமே, எப்படி வாந்தி வந்தது' என்று கேட்கிறார்களே, அதற்குப் பல நேரம் காரணம் இதுதான்.

மோதிரத்தைவிட எனக்குக் கவலை தருவது கையில் கட்டும் கயிறு. கோயில் கயிறு, மந்திரித்த கறுப்புக் கயிறு, திருவிழாவில் கட்டிய மஞ்சள் காப்பு என்று ஒரே மணிக்கட்டில் நான்கு இருக்கும். கறி கழுவும்போது நனைந்து, மாவு பிசையும்போது மாவு ஒட்டி, அது காயவே காயாது. ஒரு பரோட்டா மாஸ்டரின் கயிற்றை முகர்ந்து பார்க்கச் சொன்னேன், அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். இதில் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போகக் கூடாது. ஒரு சூப்பர்வைசர் அப்படி ஒரு பையனின் கயிற்றை அறுத்துவிட, அவன் அன்றைக்கே வேலையை விட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். அது அவன் அம்மா கட்டி அனுப்பிய கயிறு. மணிக்கட்டிலிருந்து எடுத்து மேல்கையில், முழங்கைக்கு மேலே கட்டிக்கொள்ளச் சொன்னால் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை, கோட்டின் கை அதை மூடிவிடும். ராசிக்கல் மோதிரக்காரர்கள் சிலர் ஜோசியரிடம் கேட்டு, கழுத்துக் கயிற்றில் கோத்து உடம்பைத் தொடும்படி போட்டுக்கொள்கிறார்கள். தாலியைக் கழற்றச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை என்பது என் கருத்து. உள்ளே போட்டு, கழுத்து வரை பொத்தான் போட்டுவிட்டால் போதும். இதெல்லாம் விதியின் சொற்படி முழுதாகப் பொருந்துமா என்றால் பொருந்தாது. அதனால் கையால் மாவு கலக்குவது, சாலட் வெட்டுவது போன்ற வேலைகளில் கழுத்தில் கனமாக எதுவும் போட்டவரை நான் ஈடுபடுத்துவதில்லை.

நகத்துக்கு வருவோம். உள்ளங்கையை உங்கள் முகத்தைப் பார்த்தபடி நீட்டிப் பிடியுங்கள். விரல் சதைக்கு மேலே நகம் எட்டிப் பார்த்தால் அது நீளம். ஸ்கேல் எல்லாம் வேண்டாம். சுண்டுவிரல் நகத்தை மட்டும் நீட்டி வளர்க்கும் பழக்கம் நம் ஆண்களிடம் நிறைய இருக்கிறது, அதனால் வரிசையில் பார்க்கும்போது நான் சுண்டுவிரலில் இருந்துதான் தொடங்குவேன். இன்னொன்று, மஞ்சள் கறையை அழுக்கு என்று நினைத்துத் திட்டாதீர்கள். சரக்கு மாஸ்டருக்கு மஞ்சள்தூள் நகத்தில் ஏறிவிட்டால் சாதாரணமாகக் கழுவினால் போகாது. கறையா அழுக்கா என்று தெரிய, பல் குத்தும் குச்சியை நகத்துக்கு அடியில் லேசாக ஓட்டிப் பாருங்கள். குச்சியில் ஏதாவது ஒட்டி வந்தால் அழுக்கு. மருதாணியும் அப்படித்தான், நிறம் மட்டும், பிரச்சினை இல்லை. நெயில் பாலிஷ் வேறு கதை. அது பெயர்ந்து சாப்பாட்டில் விழும், அடியில் இருக்கும் அழுக்கையும் மறைக்கும். ஸ்டாஃப் ரூமில் ஒரே நகவெட்டியைக் கயிறு கட்டித் தொங்கவிடும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். ஆளுக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள், அதிகச் செலவில்லை.

முடி விஷயத்தில் எல்லோரும் தொப்பியைப் பற்றிப் பேசுகிறார்கள், போடும் வரிசையைப் பற்றிப் பேசுவதில்லை. நமக்கு ஒரு நாளைக்கு ஐம்பது முதல் நூறு முடி வரை உதிர்வது இயல்பு. யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு அப்புறம் கண்ணாடி முன் நின்று தலை வாரினால், உதிர்ந்த முடி தோளில் உட்கார்ந்து நேராக அண்டாவுக்குப் போகும். முதலில் தலை வார வேண்டும், பிறகு வலை, அதன் பிறகுதான் கோட்டு. வலை காதையும் நெற்றி ஓர முடியையும் சேர்த்து மூட வேண்டும். உச்சந்தலையில் ஸ்டைலாக வைத்துக்கொண்டு முன்முடியைக் காட்டும் பையன்களிடம் இதை நான் தினமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

பூ விஷயம் நம் ஊருக்கே உரியது. ரிசப்ஷனிலோ விருந்து வாசலிலோ நிற்கும் பெண் மல்லிகை வைத்திருந்தால் அழகுதான், அங்கே எனக்கு ஆட்சேபம் இல்லை. காய் நறுக்கும் அக்காக்கள் வைத்துக்கொண்டு வந்தால் இதழும் நாரும் ஹேர்பின்னும் விழும். ஓர் இடத்தில் ஈரத்துணி விரித்த மூடி போட்ட டப்பா ஒன்றை ஸ்டாஃப் ரூமில் வைத்தோம். வந்ததும் பூவை அதில் வைத்துவிட்டு, போகும்போது வாடாமல் எடுத்து வைத்துக்கொண்டு போவார்கள். அந்த டப்பா வந்த பிறகு அங்கே இதற்காக யாரையும் கண்டிக்க வேண்டி வரவில்லை.

கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை போடுவார்கள். தாடி, கழுத்தில் மாலை, வெறுங்கால், மூன்றும் ஒன்றாக வரும். தாடிக்கு வலை உண்டு, மாலை கோட்டுக்குள் போய்விடும். வெறுங்காலுக்குத்தான் வழியில்லை. எண்ணெய்ச் சட்டி பக்கத்திலும் கத்தி பிடிக்கும் இடத்திலும் வெறுங்காலோடு யாரையும் நிறுத்தவே கூடாது. நான் ஐப்பசியிலேயே யார் யார் மாலை போடப் போகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வேன். அந்த 41 நாளும் அவர்களுக்கு ஸ்டோர், பார்சல் கவுண்டர், பில் போடுவது என்று மாற்றிக் கொடுப்பேன். வேலை நேரத்தில் மட்டும் ஷூ போடக் குருசாமியிடம் அனுமதி வாங்கி வருகிறவர்களும் உண்டு.

காலைப் பற்றிச் சொன்னதால் ஷூவைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஹோட்டல்களில் முதலாளி கடைசியாகப் பணம் செலவழிப்பது இதற்குத்தான். சப்ளையருக்குக் கறுப்பு ஷூ வாங்கித் தருவார்கள், விருந்தாளி பார்க்கிறார் என்று. உள்ளே பாத்திரம் கழுவும் இடத்தில் எட்டு மணி நேரம் தண்ணீரில் நிற்பவர் ஹவாய் செருப்போடு நிற்பார். விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். அவருக்கு கம்பூட்டும், மாற்றிக்கொள்ள இரண்டு ஜோடி உலர்ந்த காட்டன் சாக்ஸும் வேண்டும். அடுப்படிக்கு முன்பக்கம் மூடிய, வழுக்காத ரப்பர் அடி உள்ள, கயிறு இல்லாமல் நுழைத்துப் போடும் ஷூதான் சரி. கயிறு வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. கொதிக்கும் சாம்பார் ஷூவுக்குள் இறங்கினால் சாக்ஸ் அந்தச் சூட்டைப் பிடித்துக்கொண்டு தோலோடு வைத்திருக்கும், முடிச்சை அவிழ்க்க நேரம் இருக்காது. உடனே ஷூவையும் சாக்ஸையும் கழற்றி, குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காலைக் காட்ட வேண்டும். சாக்ஸ் தோலில் ஒட்டியிருந்தால் இழுக்காமல் அதன் மேலேயே தண்ணீர் விட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். தோசை மாவு, டூத் பேஸ்ட் எதுவும் தடவக் கூடாது. நம் சமையலறைகளில் முதலில் கை போவது மாவு வாளிக்குத்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நல்ல ஷூ வாங்கிக் கொடுத்தும் வழுக்கி விழுகிறார்களே என்று ஒரு முதலாளி கேட்டார். ஒரு பையனின் ஷூவைக் கழற்றித் திருப்பிப் பார்த்தோம். அடியில் இருக்கும் பள்ளங்கள் எல்லாம் மைதாவும் எண்ணெயும் சேர்ந்து பசையாக அடைத்து, காய்ந்து, அடி கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. கத்தி முனையால் சுரண்டி எடுக்க வேண்டியதாயிற்று. இப்போது அங்கே இரவு கடை கழுவும்போது ஒரு வாளி சோப்பு வெந்நீரும் தேய்க்கும் பிரஷும் பின்வாசலில் வைக்கிறார்கள். ஷூ அடியைத் தேய்த்துவிட்டுத்தான் எல்லோரும் வீட்டுக்குக் கிளம்புகிறார்கள்.