அகமின்தடை: சொல்லும் பொருளும்

மின்கலம் வெளிச்சுற்றுக்கு வழங்கும் மின்னோட்டம் முழுவதும் அக்கலத்தின் உள்ளேயும் பாய்ந்தாக வேண்டும். மின்முனைகளும் அவற்றுக்கு இடையிலுள்ள மின்பகுபொருளும் அந்த மின்னோட்டத்துக்குக் காட்டும் தடையே அகமின்தடை எனப்படும். ‘அகம்’ என்பது இங்கே ‘உட்புறம்’ என்னும் பொருளில் வருகிறது. அகத்தடை, உள்தடை என்றும் எழுதுவர். ஆயினும் வெளிச்சுற்றிலுள்ள புறமின்தடையோடு இணைத்துப் பேச அகமின்தடை என்பதே பொருத்தமானது.

இக்கருத்தின் வேரை ஜார்ஜ் ஓமின் ஆய்வுகளிலேயே காணலாம். வோல்டாவின் மின்னடுக்கு நிலையான மின்னழுத்தத்தைத் தராததால், 1826ஆம் ஆண்டில் ஓம் பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்தி, X = a/(b + x) என்னும் தொடர்பைக் கண்டார். இதில் X மின்னோட்டத்தின் வலிமையையும், a மூலத்தின் மின்னியக்கு விசையையும், x சோதனைக் கம்பியின் நீளத்தையும், b மூலம் உள்ளிட்ட சுற்றின் எஞ்சிய பகுதியின் தடையையும் குறித்தன.

இலட்சிய மின்னழுத்த மூலத்துக்கு இந்த அகமின்தடை சுழி. எனவே எவ்வளவு மின்னோட்டம் எடுத்தாலும் அதன் முனைகளுக்கு இடையிலான மின்னழுத்தம் மாறாது. நடைமுறை மூலத்தையோ, ஓர் இலட்சிய மூலமும் அதனோடு தொடராக இணைந்த சிறு மின்தடையுமாகக் கருதிக் கணக்கிடுகிறோம். கலத்தின் மின்னியக்கு விசை E, அகமின்தடை r, மின்னோட்டம் I எனில், முனை மின்னழுத்தம் V = E − Ir ஆகும்.

மின்னியக்கு விசை 1.5 வோல்ட்டும் அகமின்தடை 0.2 ஓமும் உடைய ஒரு கலத்துடன் 2.8 ஓம் மின்தடையை இணைத்தால், மொத்தத் தடை 3 ஓம் ஆகி 0.5 ஆம்பியர் பாயும், உள்ளே 0.1 வோல்ட் இழக்கப்பட, முனைகளில் 1.4 வோல்ட் இருக்கும். வெளித்தடையை 0.8 ஓமாகக் குறைத்தால் மின்னோட்டம் 1.5 ஆம்பியராக உயரும், முனை மின்னழுத்தமோ 1.2 வோல்ட்டாக இறங்கும். இழந்த 0.3 வோல்ட் எங்கும் மறைந்துவிடவில்லை; அதற்குரிய ஆற்றல் கலத்தினுள் வெப்பமாகிறது.

பழைய கலத்தைச் சோதிப்பவர்கள் ஏமாறுவதும் இவ்விடத்தில்தான். மல்டிமீட்டரின் உள்ளீட்டுத் தடை பெரும்பாலும் 10 மெகா ஓம் அளவில் இருப்பதால், அளக்கும்போது மின்னோட்டம் ஏறக்குறைய இல்லை. Ir என்னும் இழப்பும் இல்லை. ஆகவே அகமின்தடை 1.4 ஓமாகப் பெருகிவிட்ட கலமும் 1.4 வோல்ட்டைக் காட்டி நல்லதுபோல் தோன்றும். அதே 2.8 ஓம் மின்தடையை இணைத்தபடி அளந்தால்தான் அது ஏறத்தாழ 0.93 வோல்ட்டுக்கு வீழ்வது தெரியும். இவ்விரு அளவீடுகளின் வேறுபாட்டை மின்னோட்டத்தால் வகுத்தால் அகமின்தடை கிடைக்கும். மல்டிமீட்டரின் ஓம் நிலையை மின்கலத்தின் மீது நேரடியாக வைத்து இதை அளக்க முயலக் கூடாது.

r ஒரு மாறிலி என்பது கணக்கிடுவதற்கான எளிமையே. கலம் குளிரும்போதும் தீர்ந்துவரும்போதும் அது கூடும். மின்னோட்டம் தொடங்கியதும் ஒரு வீழ்ச்சி உடனே தோன்றும். அயனிகள் மின்முனையை அடையும் வேகம் போதாமல் போவதால், அதன்பின் மின்னழுத்தம் மெல்ல மேலும் இறங்கும். எனவே r-இன் மதிப்பைச் சொல்லும்போது எவ்வளவு மின்னோட்டத்தில், எவ்வளவு நேரத்துக்குப் பின் அளந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.