'நெல்' என்று தேடினால் 'நூல்' ஏன் வருகிறது? வானொலிப் பதிவுகளுக்குச் சொல்லடைவு

சமுதாய வானொலிகளின் பழைய நிகழ்ச்சிகளைத் தேடிக் கேட்கும்படி ஒழுங்குபடுத்துவது என் வேலை. வன்தட்டில் நூற்றுக்கணக்கான மணி நேரம் கிடக்கும். கோப்பின் பெயரில் தேதி மட்டும் இருக்கும். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளில் எல்லாவற்றையும் போட்டுவிட்டால் தேடல் தானாக வந்துவிடும் என்று நிலையத்தார் நினைக்கிறார்கள். அறிவிப்பாளர் குரல் ஓரளவு சரியாகவே எழுத்தாகும். தொலைபேசியில் கேள்வி கேட்கும் விவசாயியின் குரல் அப்படி வராது. சாதாரணத் தொலைபேசி இணைப்பு சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். அதோடு வட்டார வழக்கும் சேரும்போது பூச்சி, ரகம், ஊர் என்று எதைத் தேடி வருவார்களோ அந்தப் பெயர்கள்தான் முதலில் சிதைகின்றன. அதனால் அந்த எழுத்தை ஓரமாக வைத்துக்கொண்டு, ஆளே கேட்டுச் சொற்களை இடச் சொல்கிறேன்.

முழு நிகழ்ச்சிக்கும் சொல் இடக் கூடாது. பேச்சு மாறும் இடத்தில் ஒரு துண்டு. அரை மணி விவசாய நிகழ்ச்சி ஒன்றில் 01:10-இல் சந்தை நிலவரம், 04:30-இல் பூச்சியியல் பேராசிரியரின் பேட்டி, 17:05-இல் நேயர் கேள்விகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் தொடங்கும் நேரம், ஒரு வரிக் குறிப்பு, நாலைந்து சொற்கள் போதும். இந்தச் சொல்லைத் தேடி வந்தவர் இங்கே இறங்கினால் அவருக்குப் பயன் உண்டா? உண்டு என்றால் மட்டும் எழுதுங்கள். பேராசிரியர் போகிற போக்கில் 'தென்னை' என்று சொல்லியிருந்தால் அதை விட்டுவிடலாம்.

பேராசிரியர் 'பழுப்புத் தத்துப்பூச்சி' என்பார். நேயர் 'புகையான்' என்பார். ஒன்றைத் தலைச்சொல்லாக வைத்து மற்றதை அதன் கீழ் இணைக்கும் பட்டியல் ஒன்று தேவை. அதைக் கேட்கக் கேட்கத்தான் வளர்க்க முடியும். ஏ.டி.டி. 27, ஆடுதுறை 27 இரண்டும் ஒரே நெல் ரகம். 1960-களில் தஞ்சை வட்டார விவசாயிகள் அதை வானொலி வழியாக அறிந்ததால் 'ரேடியோ நெல்' என்றே அழைத்தார்கள். பழைய நேயர் ஒருவர் அந்தப் பெயரைச் சொன்னால் அதுவும் பட்டியலில் ஏற வேண்டும்.

இனி, தலைப்பில் உள்ள சிக்கல். சிறிய நிலையங்களுக்கு நான் SQLite தரவுத்தளத்தின் FTS5 தேடலைத்தான் பரிந்துரைக்கிறேன். செலவில்லை, ஒரே கோப்பு. ஆனால் அதன் இயல்பான அமைப்பு எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே சொல்லின் பகுதியாக ஏற்கும். தமிழின் உயிர்க்குறிகளும் புள்ளியும் யூனிகோடில் 'குறி' என்ற வகையில் இருப்பதால், அந்த இடங்களில் எல்லாம் சொல்லை வெட்டிவிடும். 'நெல்' உடைந்து 'ந', 'ல' ஆகிறது. 'நூல்', 'நாலு' இரண்டும் அதே 'ந', 'ல'தான். எனவே நெல்லைத் தேடினால் நூல் வெளியீட்டு விழாவும் வரும். தேடல் ஏதோ விடை தந்துகொண்டே இருப்பதால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. அட்டவணையை உருவாக்கும்போதே இப்படிச் சொல்லிவிட்டால் சரியாகிவிடும்:

```sql
CREATE VIRTUAL TABLE thundu USING fts5(
  kurippu, sorkal,
  tokenize = "unicode61 categories 'L* N* Co Mn Mc'"
);
```

அப்புறம், பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய குறிப்புகளில் 'கொள்முதல்' என்பதன் கொகரக் குறி ஒரே குறியாக இல்லாமல், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாக இருக்கலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடலுக்குத் தெரியும். சேமிக்கும்போதும் தேடும்போதும் இரண்டையும் ஒரே குறியாக்கும் யூனிகோடின் NFC வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

வேற்றுமை உருபுகளைச் சமாளிக்க `நெல்*` என்று தேடலாம். 'நெல்லுக்கு', 'நெல்லில்' எல்லாம் கிடைக்கும். கூடவே நெல்லிக்காயும் நெல்லைச் சீமையும் வரும். குறிப்பு வரியில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். சொற்களுக்கான sorkal நெடுவரிசையில் தலைச்சொல் மட்டுமே இருப்பதால் அங்கே முழுச் சொல்லாகத் தேடி, அந்த விடைகளை மேலே காட்டுவேன்.

கடைசியாக நேரக் குறிகள். விளம்பரத்தை வெட்டி மறு ஒலிபரப்புக்கு வைத்த பிரதியை ஒருவர் கேட்டுக் குறித்து, தேடலில் மூலப் பதிவு இணைந்திருந்தால், வெட்டிய இடத்துக்குப் பின் எல்லா நேரமும் பிசகும். மாறும் பிட் வீதத்தில் சேமித்த எம்பி3 கோப்பில் அதற்கான தலைப்புத் தகவல் இல்லையென்றாலும் பிசகும். ஒலியை இயக்கும் மென்பொருள் இடத்தை உத்தேசமாகக் கணக்கிடுவதால் வரும் வினை அது. எந்தக் கோப்பைக் கேட்டுக் குறித்தோமோ அதையே, நிலையான பிட் வீதத்தில், தேடலுக்கும் வையுங்கள். சரிபார்க்கும்போது முதல் துண்டைச் சொடுக்கிப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம், தொடக்கத்தில் எல்லாம் பொருந்தியே இருக்கும். ஒவ்வொரு கோப்பிலும் கடைசித் துண்டைச் சொடுக்கிக் கேளுங்கள்.