கட்டியின் மரபணுவில் ஆடுதீண்டாப்பாளை

கொழிஞ்சாம்பாறைப் பக்கமிருந்து வந்த அறுபது வயது அம்மாவுக்குச் சிறுநீரில் ரத்தம். ஸ்கேனில் இடது சிறுநீர்க்குழாயில் கட்டி. இரண்டு கிட்னியும் சுருங்கியிருந்தன. சர்க்கரை இல்லை, வீட்டில் யாரும் பீடி பிடிப்பதில்லை. அறுவைக்குப் பின் கட்டியின் டிஎன்ஏவையும் ரத்தத்தின் டிஎன்ஏவையும் படிக்க அனுப்பினோம். ரத்தம் எதற்கென்றால், பிறவியிலேயே இருக்கிற மாற்றங்களைக் கழித்துவிட வேண்டும். மிஞ்சுபவைதான் வாழ்நாளில் அந்தத் திசுவில் விழுந்தவை.

மிஞ்சியவை 420. டிஎன்ஏ என்பது ஏ, டி, சி, ஜி என்ற நான்கு எழுத்துகளின் வரிசை. அந்த 420-ல் 270 இடங்களில் ஏ எழுத்து டி ஆகியிருந்தது. எழுத்து மாற்றங்கள் 6 வகை. முன்னும் பின்னும் நிற்கும் எழுத்துகளையும் சேர்த்துப் பார்த்தால் 96 வகை. ஒவ்வொரு காரணமும் இந்த 96-ல் தனக்கென்று ஒரு சாயலை விட்டுப் போகும். புகையிலைப் புகை பெரும்பாலும் சி-யை ஏ ஆக்கும், வெயில் சி-யை டி ஆக்கும். இந்த அம்மாவுக்கோ சி-ஏ-ஜி என்று வரும் இடங்களில் நடுவிலுள்ள ஏ திரும்பத் திரும்ப டி ஆகியிருந்தது. சில மூலிகைச் செடிகளில் இருக்கும் அரிஸ்டோலோகிக் அமிலத்தின் சாயல் இது.

"நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டீங்களாம்மா?"

"மருந்தெல்லாம் இல்ல டாக்டர். வயித்துப் பூச்சிக்கும் உடம்பு வலிக்கும் பாளை இலைப் பொடிதான், வருஷக்கணக்கா."

எங்கள் கரிசல் காட்டில் தானாக முளைக்கும் ஆடுதீண்டாப்பாளைதான் அது. கருடக்கொடி என்கிற ஈஸ்வரமூலியும் அதே குடும்பம். இரண்டிலும் இந்த அமிலம் உண்டு. உடம்பிலுள்ள நொதிகள் அதை மாற்றியபின் அது டிஎன்ஏவின் ஏ எழுத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. செல் பிரியும்போது நகலெடுக்கும் நொதி அந்த ஏ-வுக்கு எதிரே டி வைக்காமல் தவறாக இன்னொரு ஏ வைக்கிறது. அடுத்த சுற்றில் ஏ இருந்த இடம் டி ஆகிவிடும். தைவான் நோயாளிகளை வைத்து 2013-ல் வெளிவந்த ஆய்வுகள் சிறுநீர்ப்பாதைப் புற்றுநோய்களில் இதே சாயலைக் காட்டின. இந்த அமிலம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு அமைப்பும் வகைப்படுத்தியிருக்கிறது.

இதில் தவறு நேரும் இடமும் உண்டு. சில மரபணுக்களை மட்டும் பார்க்கும் சோதனையில் பத்துப் பதினைந்து மாற்றம்தான் கிடைக்கும். அதை வைத்துச் சாயல் சொல்லக் கூடாது. மென்பொருள் ஏதோ ஒன்றோடு பொருத்தித்தான் காட்டும். பார்மலினில் கிடந்த திசுவில் சி-யை டி ஆகக் காட்டும் போலி மாற்றங்களும் வரும். அப்புறம், சாயல் தெளிவாக இருந்தாலும் அந்த அமிலம் இந்தத் திசுவைத் தொட்டது என்பது மட்டுமே உறுதி. எந்த வருஷம், எத்தனை ஸ்பூன் என்று அது சொல்லாது.

பொடியை அன்றே நிறுத்தச் சொன்னோம். ஒட்டிய அமிலம் இரண்டு பக்கத்தையும் தொட்டிருக்கும் என்பதால் வலது பக்கச் சிறுநீர்க்குழாயையும் தொடர்ந்து பார்த்து வருகிறோம். கூடவே பொடி சாப்பிட்ட தங்கைக்குக் கட்டி இல்லை, ஆனால் கிட்னி பழுதாவதைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறியிருந்தது. இப்போது அவரும் சிறுநீர்ப் பரிசோதனைக்கு வந்து போகிறார்.