மூன்று பேருக்கு ஒரு கிணறு: தோப்பைப் பிரித்த விதம்

பாகப்பிரிவினை வழக்கு என்று என் மேசைக்கு வருகிறவற்றில் நிலத்தைப் பற்றிய சண்டை குறைவு. நிலத்தை அளந்துவிடலாம். கிணற்றை அளக்க முடியாது, அங்கேதான் சகோதரர்கள் முட்டிக்கொள்கிறார்கள். பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு குடும்பம் அந்தச் சண்டைக்குப் போகாமலே பிரித்துக்கொண்டது. ஊர்ப் பெரியவர் ஒருவர் பிரித்துக் கொடுத்தார், நான் பத்திரம் எழுதினேன்.

1 ஏக்கர் 80 சென்ட் தென்னந்தோப்பு, நடுவில் கிணறு, 5 எச்.பி. மோட்டார். அப்பா சுயமாக வாங்கியது. உயில் எழுதவில்லை, அம்மாவும் காலமாகிவிட்டார். இரண்டு மகன், ஒரு மகள். "தங்கச்சிக்கு ரொக்கமா ஏதாவது குடுத்துடலாம்" என்றுதான் அண்ணன்கள் ஆரம்பித்தார்கள். பெரியவர் கேட்டார்: "ஏம்ப்பா, அது கேட்டுச்சா, நீங்களா குடுக்குறீங்களா?" அந்தப் பெண் தோப்பில் பங்குதான் வேண்டும் என்றது. 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் சம பங்கு. அவர் கையெழுத்து இல்லாமல் அண்ணன்கள் இருவர் மட்டும் பிரித்துக்கொண்டால் அது அவரைக் கட்டுப்படுத்தாது.

நிலத்தைச் சமமாக மூன்று துண்டு போட்டால் நியாயம் வராது. 2018 கஜா புயலில் கிழக்குப் பக்கம் நிறைய மரம் சாய்ந்து, கன்று வைத்திருந்தார்கள். ரோடு மேற்கே. பெரியவர் மரத்துக்கு மரம் சுண்ணாம்பு வைக்கச் சொல்லி எண்ணினார். காய்க்கிற மரம் 90, கன்று 36. இரண்டு கன்றை ஒரு மரமாகக் கணக்கு வைத்தால் மொத்தம் 108, ஆளுக்கு 36. மேற்கில் காய்க்கிற மரமே 36. நடுவில் 30 மரம், 12 கன்று. கிழக்கில் 24 மரம், 24 கன்று. இந்தக் கணக்குக்கு மூத்தவர் கோடு போட்டார். கோடு போட்டவர் கடைசியில்தான் எடுக்க வேண்டும், அது பழைய வழக்கம். தங்கச்சி முதலில் எடுத்தார். ரோட்டோரத்தை எடுப்பார் என்று நினைத்தோம், அவர் கிழக்கைக் கேட்டார். நிலம் அங்கேதான் அதிகம், கன்றும் இன்னும் சில வருடத்தில் காய்ப்புக்கு வந்துவிடும். இளையவர் மேற்கு. மூத்தவருக்குக் கிணற்றைச் சுற்றிய நடுக் கூறு.

அடுத்து கிணறு. இளையவர் "ஆளுக்கு எட்டு மணி நேரம் மோட்டார் ஓட்டுவோம்" என்றார். பெரியவர் அதை ஏற்காமல் சித்திரை வரைக்கும் காத்திருக்கச் சொன்னார். டெல்டாவில் இது முக்கியம். மேட்டூர் வழக்கமாக ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடும். கல்லணைக் கால்வாயான புது ஆற்றில் தண்ணீர் ஓடுகிற மாதங்களில் கிணறு ததும்பும், அப்போது பார்த்துவிட்டு முறை வைத்தால் பங்குனியில் அடிதடிதான். சித்திரையில் விடியற்காலை மோட்டாரைப் போட்டார்கள். இரண்டரை மணி நேரத்தில் காற்று இழுக்க ஆரம்பித்துவிட்டது. மறுநாள் காலைதான் தண்ணீர் பழைய கோட்டுக்கு ஏறியது. ஆக ஒரு நாளைக்கு ஒரு இறைப்பு. மணிக்கணக்கு எதற்கு? ஒரு நாள் ஒருத்தர், மூன்று நாளுக்கு ஒரு முறை. ஒருவர் தன் முறையை விட்டால் அன்றைய ஊற்று அடுத்தவருக்கு, மறுநாள் ஈடு கேட்கக் கூடாது.

பெரியவர் இதையெல்லாம் முதலில் ஒரு இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி மூவரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார். அங்கேதான் நான் குறுக்கே போனேன். வாய்மொழியாகப் பிரித்துக்கொள்ளலாம், செல்லும். ஆனால் 'இதன் மூலம் பிரித்துக்கொள்கிறோம்' என்று எழுதிவிட்டால் அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும். 1908ஆம் வருடப் பதிவுச் சட்டம் அப்படி. பதியாத தாளைப் பாகம் கிடைத்ததற்கு ஆதாரமாகக் கோர்ட்டில் காட்ட முடியாது.

பதிவான பத்திரத்தில் ஏ, பி, சி என்று மூன்று ஷெடியூல். கிணறு, மோட்டார் கொட்டகை சேர்ந்த 2 சென்ட் தனியாக டி ஷெடியூல், மூவருக்கும் பொது. வடக்கு வரப்போரம் தேங்காய் வண்டி போக 10 அடிப் பாதை, கிணற்றிலிருந்து இரு பக்கமும் வாய்க்கால் பாத்தியம். மோட்டார் காயில் எரிந்தால் செலவு மூன்றில் ஒரு பங்கு. மின் இணைப்பு மூத்தவர் பேருக்கு மாறினாலும் மூவருக்கும் உரியது. யாராவது தன் கூறை விற்றால் தண்ணீர் முறை நிலத்தோடுதான் போகும், தனியாக விற்க முடியாது. பெரியவர் சேர்க்கச் சொன்ன ஒன்று எனக்குத் தோன்றவே இல்லை: மற்ற இருவர் சம்மதம் இல்லாமல் யாரும் தன் கூறில் போர் போடக் கூடாது. கிணற்றுக்குப் பக்கத்திலேயே ஆழமாகப் போர் இறங்கினால் ஊற்று அந்தப் பக்கம் இழுத்துவிடும், பத்திரத்தில் முறை மட்டும் மிஞ்சும்.

பத்திரம் பதிந்ததும் உட்பிரிவுக்கு மனு கொடுத்தோம். சர்வேயர் வந்து அளந்தபின் மூவருக்கும் தனிப் பட்டா, அந்த 2 சென்ட்டுக்கு மட்டும் மூன்று பேர் பெயரிலும் கூட்டுப் பட்டா.