ஞாயிறு கோடாகும், அமாவாசை படியிறங்கும்

கோழிக்கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "பில் போடும் ஆப்பில் வருடம் முழுவதையும் சின்னச் சின்னக் கட்டங்களாகக் காட்டுகிறார்கள். சில கட்டம் அடர்பச்சை, சில வெளிர்பச்சை. இதில் என்ன பார்ப்பது?"

அதற்குப் பெயர் காலண்டர் ஹீட்மேப். ஒரு கட்டம் ஒரு நாள். அன்றைக்குப் போட்ட பில்கள் கூடக்கூட நிறமும் கூடும். திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு கட்டங்கள் மேலிருந்து கீழாக நிற்கும், அடுத்த வாரம் அதற்கு வலப்பக்கம். போனில் பதிவாகும் நடையையும் இப்படியே வரையலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஏழு என்ற மடிப்புதான். 365 நாட்களை ஒரே நீளக் கோடாக வரைந்தால் வெறும் ஏற்ற இறக்கம்தான் தெரியும். ஏழு ஏழாக மடித்தால் எல்லா ஞாயிறும் ஒரே வரிசையில் வந்துவிடுகின்றன. கோழிக்கடையில் ஞாயிறு வரிசை இடமிருந்து வலம்வரை அடர்ந்த கோடாக ஓடும். வெள்ளி வரிசை வெளிறிக் கிடக்கும். ஏழு நாளுக்கு ஒருமுறை வருவது எதுவானாலும் இப்படிக் கிடைக்கோடாகத்தான் தெரியும்.

சரி, ஏழில் அடங்காதவை? அமாவாசையைப் பாருங்கள். இரண்டு அமாவாசைகளுக்கு இடையே சராசரியாக 29.5 நாள். அதில் 28 நாள் சரியாக நான்கு வாரம். மிச்சம் ஒன்றரை நாள். அதனால் அசைவம் வாங்காத அந்த வெளிர்கட்டம் ஒவ்வொரு தடவையும் நான்கு வாரம் வலப்பக்கம் நகர்ந்து, ஒன்று அல்லது இரண்டு வரிசை கீழே இறங்கும். 2025இல் தை அமாவாசை ஜனவரி 29, புதன். அடுத்தது பிப்ரவரி 27, வியாழன். அப்புறம் மார்ச் 29, சனி. ஏப்ரல் 27, ஞாயிறு. கடைசி வரிசையைத் தொட்டதும் மறுபடி மேலே போய்த் தொடங்கும். செப்டம்பர் 21, மகாளய அமாவாசை, மீண்டும் ஞாயிறு. அடர்ந்த ஞாயிறு கோட்டில் திடீரென ஓட்டை விழுந்தால் இதுதான் காரணமா என்று முதலில் பாருங்கள். கிழமைவாரியான சராசரி அட்டவணையில் இந்த ஓட்டை கரைந்துபோகும்.

சம்பளத் தேதியும் இப்படித்தான் சாய்வாக இறங்கும், ஆனால் இன்னும் வேகமாக. 30 நாள் மாதம் என்றால் இரண்டு வரிசை, 31 என்றால் மூன்று. பிப்ரவரி 28 நாளானால் மட்டும் இறங்காது. ஆக, சாய்வின் வேகத்தை வைத்தே கடைக்கு வருகிறவர்கள் நிலவைப் பார்த்து நடக்கிறார்களா, சம்பளத் தேதியைப் பார்த்தா என்று சொல்லிவிடலாம். புரட்டாசி சாய்வே இல்லாமல் நிற்கும். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை நாலைந்து வாரம் மேலிருந்து கீழாக மொத்தமாக வெளிறிவிடும், ஞாயிறு உட்பட.

நிறத்தை நம்புவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாதாரண நாளில் 40 பில், ஞாயிறு 160, தீபாவளியன்று 600 என்று வைத்துக்கொள்வோம். 600ஐ ஐந்து சம பங்காக்கி நிறம் கொடுத்தால் 120 வரை எல்லாம் ஒரே வெளிர்பச்சை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் உள்ள வித்தியாசம் அழிந்துவிடும். ஞாயிறே இரண்டாம் நிறத்தைத் தாண்டாது. ஒரே ஒரு நாள் வருடம் முழுவதையும் வெளுத்துவிடுகிறது. இதற்கு மாற்றாக, நாட்களை விற்பனை வரிசைப்படி அடுக்கி, நிறத்துக்கு 73 நாள் என்று பிரிப்பார்கள். இப்போது வாரநாட்களின் வித்தியாசம் தெரியும், ஆனால் தீபாவளியும் சாதாரண ஞாயிறும் ஒரே நிறமாகிவிடும். 41 பில்லும் 43 பில்லும் வேறு வேறு நிறத்தில் விழவும் கூடும். உங்கள் ஆப் எந்த முறையில் பிரிக்கிறது என்று நிறக்குறிப்பில் பாருங்கள். சந்தேகமான கட்டத்தைத் தொட்டு எண்ணையும் பாருங்கள். கடை பூட்டியிருந்த நாள் பூஜ்யமாகப் பதிவாகியிருந்தால், அது ஆள் வராத நாள் போலவே தோன்றும். அதைத் தனி நிறத்தில் குறிப்பது நல்லது.

வாசகர் இன்னொன்றும் எழுதியிருந்தார்: செவ்வாய் வரிசை எப்போதும் வெளிறியிருக்கிறது, அந்தக் கிழமை தனக்கு ராசியில்லை என்று. கூடவே, அதனால் செவ்வாயன்று மாலையே கடையை அடைத்துவிடுவதாகவும். மாலை வியாபாரம் இல்லாத நாளில் பில் குறையத்தான் செய்யும். இப்படி நம்பிக்கையே தனக்குச் சாட்சியை உண்டாக்கிக்கொள்வது எனக்குப் பெரிய வருத்தம், ஏனென்றால் இழப்பு அவருடைய பணம். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் செவ்வாயன்று அசைவம் சாப்பிடாததும் காரணமாக இருக்கலாம். இரண்டையும் படம் பிரித்துச் சொல்லாது. எட்டு செவ்வாய்க்கிழமைகள் மற்ற நாள் போலவே இரவுவரை கடையைத் திறந்துவைக்கட்டும். அமாவாசை வரும் செவ்வாயையும் புரட்டாசியையும் கணக்கில் சேர்க்க வேண்டாம். பிறகு அந்த எட்டுக் கட்டங்களை அதே வரிசையில் பழைய கட்டங்களோடும், அதே வாரங்களின் புதன், வியாழனோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.