22 போடும் பிள்ளை 17 போட்டால் அது பச்சை இல்லை

போன வாரம் ஒரு பள்ளித் தடகள அணியின் கோச் பிள்ளைகள் தினமும் நிரப்பும் உடல்நிலைப் படிவத்தை மொபைலில் என்னிடம் நீட்டி, "பாருங்கள் மேடம், ஒரு நாள்கூட சிவப்பு வரவில்லை. பிறகு எப்படி இது வந்தது?" என்று கேட்டார். "இது" என்று அவர் சொன்னது 14 வயது ஓட்டக்காரி ஒருத்தியின் கணைக்கால் எலும்பில், அதாவது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே உள்ள எலும்பில், வந்திருந்த அழுத்த முறிவை, ஓயாத சுமையால் எலும்பில் விழும் மெல்லிய விரிசலை. விளையாட்டு ஃபிசியோவாக இந்தக் கேள்வியை இந்த ஆண்டில் மட்டும் நான் எதிர்கொள்வது மூன்றாவது முறை. அதனால்தான் எழுதுகிறேன்.

அவர்கள் வைத்திருந்த படிவம் நல்ல படிவம்தான். தினமும் காலையில் ஐந்து கேள்விகள்: தூக்கம், சோர்வு, தசைவலி, மன அழுத்தம், மனநிலை. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 5 என்றால் நன்றாக இருக்கிறது என்று பொருள், ஆக மொத்தம் 25. 15க்குக் கீழே போனால் கட்டம் தானாகச் சிவப்பாகும். பிரச்சினை அந்த 15இல்தான்.

இந்தப் பெண் முதல் மூன்று வாரமும் 21 முதல் 23 வரை போட்டிருக்கிறாள், சராசரி 22. நான்காம் வாரம் 21, 20, 21, 20, 20. ஐந்தாம் வாரம் 20, 19, 19, 19, 18. ஆறாம் வாரம் 18, 18, 17, 18, 17. ஏழாம் வாரத் தொடக்கத்தில் நொண்டிக்கொண்டு வந்தாள். இதில் ஒரு எண்கூட சிவப்பில்லை. அணியின் சராசரியோ பதினேழரை. மோசமான அந்த ஆறாவது வாரத்திலும் இவள் சராசரிக்கு ஒரு துளி மேலேதான் இருந்தாள்.

அதே அணியில் ஒரு பையன் எப்போதும் 14, 15 என்றுதான் போடுவான். அவன் போடும் விதமே அப்படி. எதற்கும் 5 கொடுக்க மாட்டான். அவனை வாரத்தில் இரண்டு நாள் ஓரமாகக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். நன்றாக இருப்பவனைத் துருவித் துருவிக் கேட்டார்கள், சரிந்துகொண்டிருந்தவளை யாரும் கேட்கவில்லை.

இதை எத்தனை முறை சொன்னாலும் தலைக்குள் ஏறுவதில்லை என்பதால் இன்னொரு முறை: இந்த மதிப்பெண்ணைப் பக்கத்தில் நிற்கும் பிள்ளையோடு ஒப்பிட முடியாது, அணிச் சராசரியோடும் ஒப்பிட முடியாது. ஒருத்தியின் 4, இன்னொருவனின் 3. ஒப்பிட வேண்டியது அந்தப் பிள்ளையின் வழக்கமான எண்ணோடு மட்டுமே. தேர்வோ போட்டியோ காய்ச்சலோ இல்லாத சாதாரண இரண்டு மூன்று வாரங்களின் சராசரியை எடுத்து, பெயருக்கு எதிரே எழுதி வையுங்கள். ஒரு நாள் 4 புள்ளி குறைந்தால் நான் பதற மாட்டேன். முந்தின நாள் இரவு வீட்டில் விசேஷம் நடந்திருக்கலாம். ஒரு வாரச் சராசரி அந்த அடிப்படை எண்ணிலிருந்து 2 புள்ளிக்கு மேல் இறங்கினால் கூப்பிட்டுப் பேசுவேன். ஆய்வகத்தில் பிறந்த விதி இல்லை, என் கைப்பழக்கம். இந்தப் பெண்ணுக்கு அது ஐந்தாம் வார முடிவிலேயே மணியடித்திருக்கும்: 22 எங்கே, 19 எங்கே.

ஷீட்டில் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. "கடந்த மூன்று வாரச் சராசரி" என்று நகரும் சராசரியை அடிப்படையாக வைப்பார்கள். பிள்ளை மெல்லச் சரியும்போது அந்த அடிப்படையும் கூடவே சரிந்துவிடும். இவளுடைய ஆறாம் வாரச் சராசரி 17.6. உண்மையான சரிவு 4.4 புள்ளி, நகரும் சராசரியில் அது மூன்றுக்கும் குறைவு. போன வாரத்தோடு மட்டும் ஒப்பிட்டால் வெறும் 1.4. அடிப்படை எண்ணை ஓரிடத்தில் நிறுத்தி வையுங்கள். பருவத் தொடக்கத்தில் மட்டும் மாற்றுங்கள்.

மொத்தத்தை மட்டும் பார்ப்பதும் போதாது. தசைவலிக் கேள்வியில் இவள் திங்கட்கிழமைகளில் 5 போடுவது வழக்கம், ஞாயிறு ஓய்வு என்பதால். ஐந்தாம் வாரத் திங்களன்று 3. ஆறாம் வாரத் திங்களன்றும் 3. பயிற்சியால் வரும் தசைவலி இரண்டு மூன்று நாளில் இறங்க வேண்டும், ஓய்வுக்கு அசைந்து கொடுக்க வேண்டும். ஓய்வுக்குப் பிறகும் அப்படியே நிற்கும் வலியைத் தசையின் கணக்கில் எழுதாதீர்கள். "எங்கே வலிக்கிறது, விரலால் காட்டு" என்று கேளுங்கள். உள்ளங்கையால் பரவலாகத் தடவினால் பெரும்பாலும் தசை. எலும்பின் மேல் ஒரு விரலை வைத்து ஒரே புள்ளியைக் காட்டினால் அன்றைக்கு ஓட்டம் கிடையாது, மருத்துவரிடம் அனுப்புங்கள். இவளிடம் நான் கேட்டபோது ஒரு விரலைத்தான் வைத்தாள்.

தூக்கப் பதிவேடும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. "எப்போதும் போலப் பத்து மணிக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுகிறாள்" என்றார் கோச். படுக்கையில் இருந்த நேரம் மாறவில்லை, சரி. "தூக்கம் வர எத்தனை நிமிடம்" என்ற கட்டத்தில் 15 இருந்த இடத்தில் 45 வந்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. ஞாயிறு எழும் நேரம் ஏழிலிருந்து ஒன்பதரைக்குப் போயிருந்தது. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். இவள் தொடக்கத்திலேயே ஏழேகால் மணிதான் தூங்கினாள், கடைசியில் ஆறே முக்கால். களைத்துப் போன பிள்ளை படுத்ததும் தூங்கிவிடும் என்று நினைக்கிறோம். சுமை கூடிப்போன உடம்பு பல நேரம் நேர்மாறாக நடக்கும். அதற்கு மேல் வலியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

பதிவேட்டை அன்றன்று காலையில் நிரப்பச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை பேருந்தில் உட்கார்ந்து ஐந்து நாளுக்கும் சேர்த்து எழுதியது ஒரே பேனா, ஒரே சாய்வு என்று பார்த்ததும் தெரியும். அப்புறம், வரிசையில் நிற்க வைத்து எல்லோர் முன்னாலும் சத்தமாக மதிப்பெண் கேட்காதீர்கள். 2 போட்டவனை அந்த வாரமே அணியிலிருந்து உட்கார வைத்தால், அடுத்த வாரம் அணி முழுக்க 4, 4, 4, 4, 4 தான். எந்த மாற்றமும் இல்லாமல் மூன்று வாரம் ஓடும் நேர்கோட்டை நான் நம்புவதில்லை. குறைந்த எண் வந்தால் முதலில் வர வேண்டியது ஒரு கேள்வி. அடுத்தது அன்றைய பயிற்சியில் ஒரு பகுதி குறைப்பு. அணியிலிருந்து நீக்கம் அல்ல.

படிவம் நோயைக் கண்டுபிடிக்காது, யாரைக் கேட்க வேண்டும் என்று மட்டும் காட்டும். சிலவற்றை அதில் கேட்கவும் கூடாது. பெண் பிள்ளைக்கு மாதவிடாய் தொடர்ந்து மூன்று மாதம் வரவில்லையா என்பதை நம்பிக்கையான ஒரு பெண் ஆசிரியரோ ஃபிசியோவோ தனியாகக் கேளுங்கள். சாப்பாடு போதாமல் ஓடும் உடம்பில் எலும்பும் அடிவாங்கும். மனநிலைக் கட்டம் இரண்டு வாரம் கீழேயே கிடந்தால் அது பயிற்சி விஷயம் இல்லை. வீட்டாரிடமும் ஆலோசகரிடமும் பேச வேண்டும். "இருந்து என்ன பயன்" என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்துவிட்டால் அடுத்த நாளுக்குத் தள்ளாதீர்கள்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது ஆறு வாரத்துக்கு ஓட்டம் இல்லை, நீச்சல் குளம் மட்டும். படிவத்தை நிரப்புவதை நிறுத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். கோச் 15 என்ற கோட்டை அழித்துவிட்டு, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு எண் எழுதியிருக்கிறார். நேற்று அனுப்பினார். அந்தப் பையனின் பெயருக்கு எதிரே 14.5.